பார்க்கிங்கில் இடிபட்ட கார்: பாதி மறுக்கப்பட்ட ஓன் டேமேஜ் கிளெய்முக்கு எழுத வேண்டிய கடிதம்

கேள்வி: "வணிக வளாகப் பார்க்கிங்கில், அங்கிருந்த ஊழியர் சொன்னபடி ஹேண்ட்பிரேக் போடாமல் நியூட்ரலில் காரை விட்டிருந்தேன். ரிவர்ஸ் எடுத்த இன்னொரு கார் முன்பக்க இடது மூலையில் இடித்தது. என் கார் பின்னால் உருண்டு தூணில் மோதியது. கிளெய்ம் படிவத்தில் 'ரிவர்ஸ் வந்த கார் முன்னால் இடித்தது' என்று மட்டும் எழுதினேன். பில் 48,000 ரூபாய். இன்சூரன்ஸ் கம்பெனி 17,000 மட்டும் தருகிறது. பின்பக்கச் சேதம் 'விபத்துக்குத் தொடர்பில்லாதது' என்கிறார்கள். காருக்கு 2 வருடம் 4 மாதம், 1200 சிசிக்குள், ஜீரோ டெப் இல்லை. பில்லையும் அவர்களுடைய கணக்கையும் இணைத்திருக்கிறேன். எப்படிக் கடிதம் எழுதுவது?"

பதில்: மோட்டார் கிளெய்ம்களில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். உங்கள் கடிதம் 31,000 ரூபாயைப் பற்றியதாக இருக்கக்கூடாது. அந்த 31,000-இல் மூன்று வெவ்வேறு தொகைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, பாலிசியின்படி அவர்கள் சரியாகவே கழித்தது. இரண்டாவது, கணக்குப் போடும்போது தவறாகக் கழித்தது. மூன்றாவது, விபத்து நடந்த விதத்தை ஏற்காமல் மறுத்தது. இம்மூன்றையும் பிரிக்காமல் "முழுத் தொகையையும் தாருங்கள்" என்று எழுதினால், அலுவலகத்தில் கோப்பைப் பார்ப்பவர் முதல் வகையை மட்டும் எடுத்துக் காட்டி, "எங்கள் கணக்கு பாலிசியின்படிதான் உள்ளது" என்று இரண்டு வரியில் பதில் போட்டுவிடுவார். அப்படிப்பட்ட பதில்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் இணைத்துள்ள பில்லில், வரி உட்பட, முன்பம்பர் 6,000, இடது ஃபெண்டர் 4,000, ஹெட்லேம்ப் 8,000, பின்பம்பர் 6,000, முன்பக்க லேபர் 5,000, டிக்கிக் கதவு ஒடுக்கெடுத்த லேபர் 3,000, பெயிண்டிங் முன்பக்கத்துக்கு 8,000, பின்பக்கத்துக்கு 8,000 என்று இருக்கிறது. கம்பெனி பின்பக்கத்தை முழுவதுமாக நீக்கிவிட்டது. முன்பக்கத்தில் பம்பருக்கு 3,000, ஃபெண்டருக்கு 2,000, ஹெட்லேம்புக்கு 4,000, லேபருக்கு 5,000, பெயிண்டிங்குக்கு 4,000 என 18,000 ஒப்புக்கொண்டு, அதில் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாயைக் கழித்து 17,000-க்கு வந்திருக்கிறது. 1500 சிசி வரையுள்ள கார்களுக்கு அந்தப் பிடித்தம் 1,000 ரூபாய்தான். அதில் தவறு இல்லை.

பம்பர், ஹெட்லேம்ப் இரண்டிலும் பாதி குறைத்ததைக் கேள்வி கேட்காதீர்கள். தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் சேர்க்கை இல்லாத பாலிசியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் என்பது பாலிசியிலேயே எழுதப்பட்டிருக்கும். வண்டி நேற்று வாங்கியதாக இருந்தாலும் அது மாறாது. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை என்பதை வைத்து ஹெட்லேம்பைக் கண்ணாடி என்று வாதாடுபவர்கள் உண்டு. இன்றைய ஹெட்லேம்புகளின் முன்மூடி பெரும்பாலும் பாலிகார்பனேட். அதனால் அந்த வாதம் நிற்பது கடினம், வலுவான மற்ற வாதங்களையும் அது இழுத்துச் சாய்த்துவிடும். இந்த 1,000 ரூபாய் பிடித்தத்தையும் பிளாஸ்டிக் தேய்மானத்தையும் நீங்களே கடிதத்தில் "இவற்றை ஏற்கிறேன்" என்று எழுதிவிடுங்கள். படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை பிறப்பது அந்த வரியில்தான்.

ஃபெண்டரிலும் பெயிண்டிங்கிலும் நடந்திருப்பது வேறு. உங்கள் பில்லில் ஃபெண்டர் தகடு என்று தெளிவாக இருக்கிறது. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதை வைத்துத் தேய்மானம் கணக்கிடுவார்கள்: ஆறு மாதம் வரை எதுவும் இல்லை, ஒரு வருடம் வரை 5 சதவீதம், இரண்டு வருடம் வரை 10, மூன்று வருடம் வரை 15. உங்களுடையது மூன்றாம் வருடத்தில் ஓடுகிறது. ஆகவே 4,000 ரூபாயில் 600 கழிய வேண்டும். அவர்கள் 2,000 கழித்திருக்கிறார்கள். ஃபெண்டரை பம்பரோடு சேர்த்து பிளாஸ்டிக் பட்டியலில் போட்டுவிட்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஃபெண்டரில் காந்தம் ஒட்டும் ஒரு புகைப்படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிறிய விஷயம்தான், ஆனால் வாக்குவாதத்துக்கு இடமே வைக்காது.

பெயிண்டிங்கில் 50 சதவீதத் தேய்மானம் பெயிண்ட் என்ற பொருளுக்கு மட்டுமே உரியது, கூலிக்கு அல்ல. பொருளும் கூலியும் பிரிக்கப்படாமல் ஒரே தொகையாக பில் இருந்தால், மொத்தத்தில் 25 சதவீதத்தைப் பொருளாகக் கொண்டு அதில்தான் பாதியைக் கழிக்க வேண்டும். முன்பக்க பெயிண்டிங் 8,000-இல் பொருள் 2,000. அதில் பாதி 1,000. ஆகவே 7,000 கிடைக்க வேண்டிய இடத்தில் 4,000 போட்டிருக்கிறார்கள். உங்கள் பாலிசிப் புத்தகத்தில் பெயிண்டிங் பற்றிய அந்தப் பத்தியை அப்படியே எடுத்துக் கடிதத்தில் எழுதுங்கள்; உங்கள் சொந்தச் சொற்களில் சுருக்க வேண்டாம். இந்த இரண்டும் சேர்ந்து 4,400 ரூபாய். இது வெறும் கணக்குப் பிழை. இதைத் திருத்த யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை.

மீதமுள்ளது பின்பக்கம். பம்பருக்குத் தேய்மானம் போக 3,000, டிக்கி லேபர் 3,000, பெயிண்டிங்குக்கு மேலே சொன்ன கணக்குப்படி 7,000 என 13,000 ரூபாய். இங்கே சர்வேயரின் பக்கத்தையும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவர் கையில் இருந்தது உங்கள் படிவத்தின் ஒரே வரி. "ரிவர்ஸ் வந்த கார் முன்னால் இடித்தது" என்று படித்துவிட்டு வண்டியைப் பார்த்தவர் பின்னால் நசுங்கிய பம்பரைக் கண்டால், அது முன்பு எப்போதோ நடந்தது, இதோடு சேர்த்துச் சரி செய்யப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைப்பார். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன். அவர் செய்யத் தவறியது உங்களிடம் ஒரு கேள்வி கேட்பதை. உங்கள் கடிதம் அந்தக் கேட்கப்படாத கேள்விக்கான பதில். அதில் கோபத்துக்கு இடமில்லை. படிவத்தில் முதல் மோதலை மட்டும் எழுதி, அதன் தொடர்ச்சியாக நடந்த இரண்டாவது மோதலை எழுதாமல் விட்டது உங்கள் குறை என்று நேராக ஒப்புக்கொண்டு, பிறகு சான்றுகளுக்குப் போக வேண்டும்.

சான்று எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இதே போல ஒரு கார், பின்பம்பரின் வலது பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு உள்ளே போயிருந்தது. உரிமையாளர் தூணில் மோதியது என்றார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பார்க்கிங்குக்கே போனேன். தூணின் மஞ்சள் கறுப்புப் பட்டையில், தரையிலிருந்து 51 சென்டிமீட்டர் உயரத்தில், காரின் நிறத்தில் ஒரு தேய்ப்பு இருந்தது. பம்பரில் இருந்த கீறலின் உயரம் 50. கீறலுக்குள் மஞ்சள் பெயிண்டின் தூள் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் எதுவும் மிஞ்சவில்லை. மெதுவாக உருண்டு மோதும் வண்டியில் பிரேக் பிடித்து முன்பக்கம் தாழ்வது போன்ற ஆட்டம் இல்லாததால், இரண்டு உயரங்களும் ஓரிரு சென்டிமீட்டருக்குள் பொருந்த வேண்டும். நீங்களும் அதே இடத்துக்குப் போய், தூணில் டேப்பை வைத்து அளவு தெரியும்படி படம் எடுங்கள். பழைய பம்பர் ஒர்க்‌ஷாப்பில் இன்னும் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இருந்தால், விவகாரம் முடியும் வரை அதைக் கழித்துப் போட வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

சேதம் புதியதா பழையதா என்பதற்கும் அடையாளங்கள் உண்டு. டிக்கிக் கதவு தகடு என்பதால், பெயிண்ட் உரிந்த இடத்தில் பழைய சேதமாக இருந்தால் துருவின் சாயல் வந்திருக்கும். கீறலுக்குள் அழுக்கும் மெழுகும் படிந்து கறுத்திருக்கும். புதிய கீறலில் விளிம்பு வெளுத்தும் கூர்மையாகவும் இருக்கும். ஒர்க்‌ஷாப் வண்டியை உள்ளே எடுத்தபோது எழுதிய ஜாப் கார்டிலும் படங்களிலும் இது தெரியலாம். சர்வேயர் எடுத்த படங்களிலேயே கூட இருக்கலாம், அவற்றையும் கேளுங்கள். பார்க்கிங் கேமராப் பதிவு இருந்தால் எல்லாவற்றையும் விட அதுதான் வலுவானது. ஆனால் அவை சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்து மேலெழுதப்படும். ஆகவே பார்க்கிங் நிர்வாகத்துக்குத் தேதியும் நேரமும் குறிப்பிட்டு உடனே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பதிவு அழிந்திருந்தாலும், அழிந்துவிட்டது என்று அவர்கள் எழுதித் தரும் பதிலுக்கும் மதிப்பு உண்டு. அந்த ஊழியரோ இடித்தவரோ இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் இணையுங்கள். இந்த வேலையின் ஊடே ஒன்றைக் கவனியுங்கள்: பின்பம்பரில் இந்த மோதலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பழைய கீறல் இருந்தால் அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் மற்ற 13,000-மும் போய்விடும்.

கடிதத்தின் மேல் பகுதியில் பாலிசி எண், கிளெய்ம் எண், வண்டி எண், விபத்து நடந்த தேதி, அவர்கள் அனுப்பிய கடிதத்தின் தேதி இவை மட்டும் போதும். உடல் பகுதியை நான் இப்படி எழுதுவேன்:

"தங்கள் கடிதத்தில் 48,000 ரூபாய் பில்லுக்கு 17,000 ரூபாய் மட்டும் ஏற்கப்பட்டுள்ளது. பிளாஸ்டிக் பாகங்களுக்கான தேய்மானத்தையும் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாயையும் நான் ஏற்கிறேன். என் ஆட்சேபணை மூன்று இனங்களை மட்டும் பற்றியது; அவற்றின் மொத்தம் 17,400 ரூபாய். முதலாவது, இடது ஃபெண்டர் உலோகத்தால் ஆனது; வண்டியின் வயது 2 ஆண்டு 4 மாதம் என்பதால் தேய்மானம் 15 சதவீதமே. குறைவாகக் கணக்கிடப்பட்டது 1,400 ரூபாய். இரண்டாவது, முன்பக்க பெயிண்டிங் கட்டணத்தில் பொருளின் பங்கான 25 சதவீதத்தின் மீது மட்டுமே 50 சதவீதம் கழிக்கப்பட வேண்டும். குறைவாகக் கணக்கிடப்பட்டது 3,000 ரூபாய்.

மூன்றாவது, பின்பக்கச் சேதம். என் கிளெய்ம் படிவத்தில் முதல் மோதலை மட்டும் குறிப்பிட்டேன். விவரம் முழுமையாக இல்லாததற்கு வருந்துகிறேன். வாகன நிறுத்துமிட ஊழியரின் அறிவுறுத்தலின்படி வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இல்லாமல் நின்றது. முன் இடது மூலையில் இடிபட்டவுடன் அது பின்னோக்கி உருண்டு தூணில் மோதியது. இவை ஒரே நிகழ்வின் இரண்டு கட்டங்கள். தூணில் உள்ள தடமும் பம்பரில் உள்ள கீறலும் ஒரே உயரத்தில் இருப்பதை இணைக்கப்பட்ட அளவுப் படங்கள் காட்டும். இச்சேதத்துக்குப் பம்பர் 3,000, லேபர் 3,000, பெயிண்டிங் 7,000 எனத் தேய்மானம் போக 13,000 ரூபாய் சேர வேண்டும். தேவைப்பட்டால் இடத்தையும் பழைய பம்பரையும் தங்கள் சர்வேயர் மீண்டும் பார்வையிட நான் ஒத்துழைப்பேன். சர்வே அறிக்கையின் நகலையும் படங்களையும் தந்து, மேற்கண்ட இனங்களை மறுபரிசீலனை செய்து, தனித்தனியே காரணத்துடன் எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவுதான் கடிதம், இதற்கு மேல் நீட்டினால் மூன்று இனங்களும் அதில் புதைந்துவிடும். கடைசியில் வரும் "தனித்தனியே காரணத்துடன்" என்ற சொற்களை எடுத்துவிடாதீர்கள். பிறகு விவகாரம் வெளியே போனால் அந்தப் பதில்தான் அடிப்படை ஆவணம். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி பின்னர் வழக்கில் புதிதாகக் கொண்டுவர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் கலாடா பவர் வழக்கிலும் 2019-இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கிலும் கூறியிருக்கிறது. சர்வேயர் அறிக்கையே இறுதியானது என்று அவர்கள் சொன்னால் அதுவும் சரியல்ல. 2009-இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில், அது முக்கியமான ஆவணமே தவிர கடைசிச் சொல் அல்ல என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் கடிதத்தில் இந்தத் தீர்ப்புகளை எழுத வேண்டாம். கணக்கைத் திருத்தவே தயாராக இருக்கும் ஓர் அதிகாரியை அது சட்டப் பிரிவின் பக்கம் தள்ளிவிடும்.

உறுதியாகச் சொல்ல முடியாத இடம் ஒன்று இருக்கிறது. நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இல்லாமல் விட்டது. வண்டியைச் சேதத்திலிருந்து பாதுகாக்க உரிமையாளர் நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்பது மோட்டார் பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. நீங்கள் இதை வெளிப்படையாக எழுதினால், கம்பெனி அந்த நிபந்தனையைச் சுட்டிக்காட்டக்கூடும். என் கருத்து என்னவென்றால், நெரிசலான பார்க்கிங்குகளில் குறுக்கே நிற்கும் வண்டிகளைத் தள்ளி நகர்த்துவதற்காக அங்குள்ளவர்களே இப்படி விடச் சொல்வது அன்றாட வழக்கம். சமதளத்தில், பொறுப்பாளர் சொன்னபடி விட்டதை அக்கறையின்மை என்று நிறுவுவது எளிதல்ல. ஆனால் உங்கள் பார்க்கிங் தளம் சரிவாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. சரிவாக இருந்திருந்தால் என் நம்பிக்கை குறையும். அப்படியிருந்தாலும் உண்மையை மாற்றி எழுதச் சொல்ல மாட்டேன். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தேன் என்று எழுதினால் வண்டி எப்படி உருண்டது என்பதற்கு விளக்கமே இல்லாமல் போய்விடும். உங்கள் 13,000 ரூபாய் அந்த விளக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

இந்தக் கட்டத்தில் போனில் ஒரு யோசனை வரலாம்: "பின்பக்கத்துக்குத் தனியாக இன்னொரு கிளெய்ம் போட்டுவிடுங்கள், பாஸ் செய்துவிடுகிறோம்." நல்ல எண்ணத்தில் சொல்வதாகவே இருந்தாலும் ஏற்காதீர்கள். தனி கிளெய்ம் என்றால் தனி விபத்து, தனித் தேதி, இன்னொரு 1,000 ரூபாய் பிடித்தம். நடக்காத ஒரு விபத்தை நடந்ததாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறீர்கள். அது பொய்க் கிளெய்ம். பாலிசியின் பலனையே இழக்க வைக்கக்கூடியது. இடிபட்டது ஒரே நிகழ்வு என்பதை விட்டு ஓர் அடி கூட நகராதீர்கள்.

17,000 ரூபாயைப் பெற்றுக்கொள்ளலாமா என்றால், பெற்றுக்கொள்ளலாம். ஆனால் "முழுமையான, இறுதித் தீர்வாக" என்ற சொற்களோடு ஒரு டிஸ்சார்ஜ் வவுச்சர் வரும். கையெழுத்துக்கு மேல் "மீதித் தொகைக்கான ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதுங்கள். இணைய வழியில் ஒப்புதல் கேட்டால், அதே வரியை அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். வவுச்சரில் கையெழுத்திட்டது மட்டுமே கூடுதல் தொகை கேட்கும் உரிமையைப் பறிக்காது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2015 செப்டம்பரில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஆனாலும் கேள்வி எழுப்பாமல் கையெழுத்திட்டுவிட்டு மாதங்கள் கழித்து வருபவரின் நிலை பலவீனமானதே. வற்புறுத்தலோ தவறான தகவலோ இருந்தது என்று பிறகு நிரூபிக்கும் சுமை அவர் தலையில் வந்துவிடும்.

கடிதத்தைக் கிளெய்ம் பிரிவு மேலாளருக்கு எழுதி, நகலைக் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்புங்கள்; மின்னஞ்சலோடு, சேர்ப்பித்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்டும் வேண்டும். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் புகாரைப் பதியலாம். அது கம்பெனிக்கே போகும் என்றாலும், பதிவு எண் கிடைக்கும், நாள் கணக்கும் தொடங்கும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களை எடுப்பார்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அங்கே வழக்கு நிலுவையில் இருந்தால் அதே விவகாரத்தை ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். 17,400 ரூபாய் அளவிலான விவகாரத்துக்கு நான் முதலில் ஆம்புட்ஸ்மேனிடம்தான் போவேன்.

என் அனுபவத்தில் ஃபெண்டர், பெயிண்டிங் இரண்டும் பெரும்பாலும் முதல் கடிதத்திலேயே திருத்தப்பட்டுவிடும். அந்த 4,400-ஐ மட்டும் அனுப்பி, பின்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் கோப்பை மூடினால், அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்பக்கத்துக்கு மட்டும் காரணம் கேட்டு, அதே சான்றுகளை இணைத்து, இரண்டாவது கடிதத்தை அந்த வாரமே அனுப்புங்கள். தூணின் படத்தை அதற்குள் எடுத்துவிடுங்கள், பார்க்கிங்காரர்கள் பட்டையைப் புதிதாகப் பூசிவிட்டால் அந்தத் தடம் திரும்பக் கிடைக்காது.